குழுக் கலந்துரையாடலுக்கு வருவோர் கவனத்துக்கு: தொகுதி நேரம், வரிசை, தாமத விதி

நாள்: 27.01.2026

எழுத்துத் தேர்வில் தேறிய 71 பேருக்கும் குழுக் கலந்துரையாடல், அதாவது ஜிடி, வரும் சனிக்கிழமை 31.01.2026 அன்று நம் கல்லூரி நிர்வாகவியல் கட்டடத்தின் முதல் மாடியில் நடக்கும். இந்த அறிவிப்பு நேற்றே வந்திருக்க வேண்டும். குடியரசு தின விடுமுறையில் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. தாமதத்தைப் பற்றிய அறிவிப்பே தாமதமாக வருகிறது என்று குரூப்பில் கிண்டல் ஓடுவதைப் பார்த்தேன். நியாயம்தான். சனிக்கிழமை அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம்.

வருகிற நிறுவனம் எது என்று உங்களுக்குத் தெரியும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசிங் டிரெய்னி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வெளிக் கல்லூரி மாணவர்களும் வருவதால், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொகுதி நேரங்கள்

எழுத்துத் தேர்வுச் சீட்டில் பச்சை மையில் எழுதியிருப்பதுதான் உங்கள் வரிசை எண். அகர வரிசையும் இல்லை, மார்க் வரிசையும் இல்லை. நிறுவனத்தார் முன்னிலையில் குலுக்கிப் போட்டது. ஒரே வகுப்புக் கூட்டாளிகள் ஒரே தொகுதியில் விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

1-ஆம் தொகுதி (எண் 1 முதல் 9): வருகை 8.15, கதவடைப்பு 8.50, தொடக்கம் 9.00
2-ஆம் தொகுதி (10–18): வருகை 8.50, கதவடைப்பு 9.25, தொடக்கம் 9.35
3-ஆம் தொகுதி (19–27): வருகை 9.25, கதவடைப்பு 10.00, தொடக்கம் 10.10
4-ஆம் தொகுதி (28–36): வருகை 10.00, கதவடைப்பு 10.35, தொடக்கம் 10.45
5-ஆம் தொகுதி (37–45): வருகை 10.50, கதவடைப்பு 11.25, தொடக்கம் 11.35
6-ஆம் தொகுதி (46–54): வருகை 11.25, கதவடைப்பு 12.00, தொடக்கம் 12.10
7-ஆம் தொகுதி (55–63): வருகை 12.45, கதவடைப்பு 1.20, தொடக்கம் 1.30
8-ஆம் தொகுதி (64–71): வருகை 1.20, கதவடைப்பு 1.55, தொடக்கம் 2.05

ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்தம் 35 நிமிடம். தலைப்பைச் சொன்ன பிறகு யோசிக்க 2 நிமிடம், பேச்சு 15 நிமிடம். மீதி நேரத்தில் மதிப்பெண் போடுவார்கள். முடிவு மாலை 3.30-க்குப் போர்டில் வரும். தேறியவர்களுக்கு நேர்முகமும் அன்றைக்கே என்பதால் யாரும் அதற்கு முன் கிளம்ப வேண்டாம்.

மேலே சொன்ன எல்லா நேரமும் போர்டிகோ சுவர்க் கடிகாரப்படிதான். அது மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்போன் நேரத்துக்குச் சரிசெய்து வைத்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். பழனிக்கு நடக்கிறவர்கள் மூன்று பேர், மதியமே கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். குலுக்கும் முன்பே நிறுவனத்தாரிடம் சொல்லி, அந்த மூவரையும் முதல் இரண்டு தொகுதிகளில் வைத்துவிட்டோம். அவர்கள் தேறினால் நேர்முகத்தையும் காலையிலேயே முடித்து அனுப்புவார்கள். 3.30 வரை இருக்கத் தேவையில்லாதவர்கள் இவர்கள் மட்டும்தான். இனிமேல் யாருக்கும் தொகுதி மாற்றம் இல்லை. உங்களுக்குள்ளேயே பேசி மாற்றிக்கொள்வதும் செல்லாது. செய்முறைத் தேர்வு, அரியர் தேர்வு அன்றைக்கே இருந்தால் மட்டும் வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் துறைத்தலைவர் கையெழுத்தோடு வந்து பாருங்கள்.

மாலை போட்டிருப்பவர்கள் காவியோ பச்சையோ கட்டியபடியே, செருப்பில்லாமலே வரலாமா என்று கேட்டார்கள். வரலாம். நிறுவனத்தாரிடம் கேட்டாயிற்று, அங்கேயும் பாதிப் பேர் மாலையில்தான் இருக்கிறார்களாம்.

வந்ததும் எங்கே, எந்த வரிசையில்

முதலில் வாசல் செக்யூரிட்டி. அடையாள அட்டையைக் காட்டி, நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். நீங்கள் வந்த நேரம் என்பது இங்கே எழுதியதல்ல, அடுத்த மேசையில் பதிவதுதான். வாசலில் வரிசை நின்றாலும் போர்டிகோ மேசைக்கு நேரத்தில் வந்துவிடுங்கள்.

போர்டிகோ மேசையில் தேர்வுச் சீட்டு, கல்லூரி அடையாள அட்டை, ஆதார் அசல், மதிப்பெண் பட்டியல் அசலும் ஒரு நகலும், பயோடேட்டா இரண்டு பிரதி, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஜெராக்ஸ் எடுக்க மறந்தவர்கள் இங்கே வந்துதான் ஓடுவார்கள். கேம்பஸ் கடை சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் திறக்கும். முதல் மூன்று தொகுதிக்காரர்கள் முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

அங்கே சட்டையில் ஒட்ட ஒரு எண் தருவார்கள், 1 முதல் 9 வரை. அதை வாங்கிக்கொண்டு கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வேண்டும். உங்கள் தொகுதியைக் கூப்பிட்டதும் செல்போனை அணைத்துக் கூடையில் போட்டுவிட்டு, தாழ்வாரத்தில் எண் வரிசையில் நின்று, அதே வரிசையில் உள்ளே போங்கள். கதவுக்கு இடப்பக்க நாற்காலி 1. அங்கிருந்து சுற்றிக்கொண்டே போய், வலப்பக்க நாற்காலி 9.

இந்த உட்காரும் வரிசையில் கொஞ்சம் கறாராக இருப்போம். மதிப்பெண் தாளில் உங்கள் பெயர் இருக்காது. நாற்காலி எண் மட்டும்தான். போன வருஷம் இங்கேயே ஒரு டிரைவில் இரண்டு பேர், ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். நன்றாகப் பேசிய பெண்ணின் மார்க் பக்கத்துப் பையனுக்குப் போனது. அவனே வந்து, "மேடம், நான் மொத்தமா நாலு வார்த்தைதானுங்க பேசினேன், எப்படிங்க செலக்ட் ஆனேன்" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே சரிசெய்தோம். அந்தப் பையன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்வேன். இந்த முறை ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று.

தாமதமானால்

வருகை நேரம் தாண்டி, கதவடைப்புக்கு முன் வந்தால் உங்கள் தொகுதியிலேயே பேசலாம். வந்த நேரத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவோம். மார்க் குறையாது, ஆனால் பதிவேடு நிறுவனத்தாரிடம் போகும். சான்றிதழில் குறை இருந்தால் திருத்தவும் நேரம் இருக்காது.

கதவடைத்த பிறகு வந்தால் உங்கள் தொகுதியில் இடமில்லை. ஒரு நிமிடம் என்றாலும் இதே பதில்தான். எட்டுப் பேர் தலைப்பைக் கேட்டு யோசித்து, ஒருவர் பேச்சை ஆரம்பித்திருக்கும்போது ஒன்பதாவது ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தால் பேச்சு அறுந்துபோகிறது. ஆரம்பித்தவருக்குத்தான் நஷ்டம்; வந்தவருக்கும் ஒன்றும் லாபமில்லை.

அப்படி வருபவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதுவோம். பிந்தைய தொகுதி எதிலாவது ஆள் வராமல் நாற்காலி காலியானால், பட்டியல் வரிசைப்படி ஒருவரை உள்ளே விடுவோம். ஒரு தொகுதிக்கு ஒருவர் மட்டும். 8-ஆம் தொகுதியில் எட்டுப் பேர்தான் என்பதால் அங்கே ஒரு நாற்காலி நிச்சயம் உண்டு. மற்றவை அன்றைய யோகம். 1.55-க்குப் பிறகு பட்டியலையும் மூடிவிடுவோம்.

வழியில் சிக்கிக்கொண்டால், உங்கள் வருகை நேரத்துக்கு முன்பே தொகுதிப் பொறுப்பாளரைப் போனில் கூப்பிடுங்கள். எண்கள் குரூப்பில் உள்ளன. கூப்பிட்ட நேரமே பட்டியலில் உங்கள் இடம். நேரில் வந்த நேரம் அல்ல. மெசேஜ் போட்டுவிட்டேன் என்பது செல்லாது. அன்று காலை குரூப்பில் வந்து விழும் நூற்றுக்கணக்கான "ஆல் த பெஸ்ட்" நடுவே யாரும் தேட முடியாது.

கல்லூரி பஸ் தாமதமானால் அது எங்கள் தவறு. அந்தத் தொகுதியைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்ததை முன்னே விடுவோம். அன்று ஓடுவது காந்திபுரம், பல்லடம் வழித் திருப்பூர், பொள்ளாச்சி ஆகிய மூன்று வழி மட்டும்தான். மூன்றும் 8 மணிக்குள் வந்துவிடும். டவுன் பஸ் நின்றுபோனது, பைக் பஞ்சர், ரயில்வே கேட் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சரிபார்க்க எங்களிடம் வழியில்லை. ஒருவருக்குத் தளர்த்தினால், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கோபியில் பஸ் ஏறி வந்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

வாசல் செக்யூரிட்டி அண்ணனிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். அவர் இளகிய மனசுக்காரர். ஒவ்வொரு டிரைவிலும் "ஏனுங்க மேடம், பாவமுங்க, அந்தப் பையன விட்டுரலாமுங்களா" என்று எனக்குப் போன் போடுவார். முடிவு அவர் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

நிறுவனத்தார் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டதற்கு அவர்களின் எச்ஆர் சொன்னது: தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில்; மெர்ச்சண்டைசர் வேலையில் பாதியே அந்த நிலைமை வராமல் பார்ப்பதுதான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

வழியும் சாப்பாடும்

உக்கடத்திலிருந்து வருபவர்கள் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறும் முன், ஒத்தக்கால்மண்டபம் தாண்டி நம் ஸ்டாப்பில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் நிற்காது; தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வர வேண்டியதாகிவிடும். பழனி போகிற கூட்டத்தால் அன்று பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. முக்கால் மணி நேரப் பயணத்தை ஒன்றேகால் மணியாகக் கணக்குப் போடுங்கள். சத்தி, கோபி, ஈரோடு பக்கத்து முதல் தொகுதிக்காரர்கள் வெள்ளி இரவே ஹாஸ்டலில் தங்கலாம். வெள்ளி மதியத்துக்குள் வார்டனிடம் பெயர் கொடுங்கள். போர்வை நீங்களே கொண்டுவர வேண்டும்.

கேண்டீனில் அன்று தக்காளி சாதமும் தயிர் சாதமும் மட்டும், 12 மணியிலிருந்து. 7, 8-ஆம் தொகுதிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே மேசைக்கு வாருங்கள்.

ஒருங்கிணைப்பாளர்,
வேலைவாய்ப்புப் பிரிவு

பி.கு.: 37 முதல் 45 வரை உள்ளவர்களுக்கு வருகை நேரம் 10.35 என்று நேற்று குரூப்பில் ஒரு போட்டோ சுற்றியது. அது பழைய பட்டியல். 10.50 என்பதே சரி.