சேர்த்துக் கட்டிய பொம்மைகள்

மகாளய அமாவாசைத் தர்ப்பணம் முடிந்து, சாப்பாட்டுக் கடையும் ஒழிந்த பிறகு, பரணிலிருந்து இறக்கி வைத்த இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் அப்பா கூடத்துக்கு நகர்த்திக் கொடுத்தார். காலையிலேயே பலகைகளை அடுக்கி ஏழு படிகள் கட்டி, அவற்றின் மேல் சலவை வேட்டியை மடிப்பு விழாமல் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தியிருந்தார்கள். கும்பகோணத்து வீட்டில் கொலு அடுக்குவது எப்போதும் விசாலம் பாட்டியின் வேலை. ஆனால் கண்புரை அறுவை முடிந்து சில நாட்களே ஆகியிருந்ததால், குனியவும் கனமான பொருளைத் தூக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே பாட்டி நாற்காலியில் அமர்ந்துகொள்ள, ஒன்பது வயது நந்தினி பெட்டியைத் திறந்தாள். நாப்தலின் உருண்டையின் நெடி குப்பென்று எழுந்தது.

"ஒவ்வொண்ணா என் கையிலே குடு. அவசரம் வேண்டாம்" என்றாள் பாட்டி.

ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே, துணியின் மேலாக விரல்களை ஓட்டி, உள்ளே இருப்பது யார் என்று பாட்டி சொல்லிவிட்டாள். கட்டையாக நீண்டிருந்தவை மரப்பாச்சி ஜோடி. செஞ்சந்தனத்தில் கடைந்த அந்த இரண்டும் திருப்பதியில் வாங்கியவை, கல்யாணத்தின்போது அவளுடைய அம்மா சீராகக் கொடுத்தவை. அடி உருண்டு கனத்திருந்தது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. படுத்த நிலையில் நீளமாக இருந்தவர் அத்திவரதர்; 2019இல் காஞ்சிபுரத்தில் அவர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாட்கள் தரிசனம் தந்த ஆண்டில், கடைத்தெரு முழுக்க அவர்தான் நிறைந்திருந்தார் என்று பாட்டி சொன்னாள்.

மரப்பாச்சிகளுக்கு முதலில் இடம் வேண்டும். ஜரிகைத் துண்டில் தைத்த புதுப் பாவாடையைப் பெண் பொம்மைக்கும், சிறு வேட்டியை ஆண் பொம்மைக்கும் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, நந்தினி முக்காலியில் ஏறி அவற்றை மேல்படியில் நிறுத்தினாள். மறுநாள் காலையில் வைக்கப்போகும் கலசத்துக்கு நடுவில் இடம் விட்டாள். அதன் பிறகு வேலை ஓடியது. தசாவதாரத்தை அவளே வரிசைப்படுத்தினாள். ராமருக்கு அடுத்துக் கிருஷ்ணரை வைத்தபோது மட்டும், "அண்ணாவை விட்டுட்டியேடி" என்றாள் பாட்டி. கலப்பையோடு பலராமர் முன்னே நகர்ந்தார்.

இரண்டாம் பெட்டியின் அடியிலிருந்து வந்த ஒரு மூட்டையைப் பாட்டியால் இனங்காண முடியவில்லை. ஒரு பக்கம் தொட்டால் தொப்பை தெரிந்தது. மறுபக்கம் கொண்டை போல ஏதோ நெருடியது. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டியிருந்த நூலும் அவள் போடும் முடிச்சாக இல்லை. அது காலணிக் கயிற்றுக்குப் போடும் பூ முடிச்சு.

"இது நான் கட்டினது பாட்டி" என்றாள் நந்தினி.

அவிழ்த்தபோது செட்டியாரும் ஆச்சியும் ஒன்றாக வெளியே வந்தார்கள். பண்ருட்டிக் களிமண் பொம்மைகள். அரிசியும் பருப்பும் நிரப்பிய குட்டித் தட்டுகளோடு ஐந்தாம் படியில் கடை வைப்பவர்கள். ஓராண்டுக் காலம் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு கிடந்ததில், ஆச்சியின் தோளில் பச்சைப் புடவையின் வண்ணம் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து, வெள்ளை மண் தெரிந்தது.

"ஒரு வருஷம் இருட்டிலே தனித்தனியா இருக்கணுமேன்னு சேர்த்துக் கட்டினேன். வர்ணம் போகும்னு தெரியாது" என்று சொல்லும்போதே நந்தினியின் குரல் இறங்கியது.

பாட்டி ஆச்சியை வெளிச்சத்தின் பக்கம் உயர்த்தி, பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பொம்மையைத் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும் என்று மாமியார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதற்கான காரணம் இதோ, அவள் விரலின் கீழேயே இருந்தது. இருந்தாலும் அவள் அதைச் சொல்லவில்லை.

"உன் பெயிண்டுப் பெட்டியிலே பச்சை இருக்கா?"

"இருக்கு பாட்டி."

"அப்போ கொண்டு வா. தொட்டு வெச்சா காலையிலே காஞ்சுடும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெப்போமில்லையா, மறுநாள் எல்லாத்தையும் கட்டறப்போ இந்த ரெண்டு பேருக்கும் நடுவிலே பஞ்சு வெச்சு, மேலே துணியை நல்லா சுத்தி, சேர்த்தே கட்டிடு. முடிச்சும் நீயே போடு, அடுத்த வருஷம் தொட்டவுடனே எனக்குத் தெரிஞ்சுடும்."

நந்தினி பெயிண்டுப் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினாள். பாட்டி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "வரும்போது அடுக்களையிலேருந்து கடைக்கு ஒரு பிடி துவரம்பருப்பும் எடுத்துண்டு வா. போன வருஷத்துப் பருப்பு புழுத்திருக்கும்."