பொருள்: காய்ச்சலால் இன்று (14.11.2025, வெள்ளி) வர இயலவில்லை, கண்டெய்னர் வேலைகள் ஒப்படைப்பு, காலை 9.30-க்குள் உங்கள் முடிவு ஒன்று தேவை

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். இரவு இரண்டு மணியிலிருந்து குளிர்க் காய்ச்சல். நான்கு மணிக்குப் பார்த்தபோது 103 டிகிரி இருந்தது. மாத்திரை போட்டதில் கொஞ்சம் இறங்கி, இப்போது மறுபடி ஏறுகிறது. கண்ணுக்குப் பின்னாலும் மூட்டுகளிலும் வலி அதிகம் என்பதால் டெங்குவாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பேரணாம்பட்டு அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன். இன்று ஆம்பூர் வர என்னால் முடியாது. நேற்று மாலை கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். கண்டெய்னர் ஏற்றும் நாளில் விடுப்பு கேட்பது எவ்வளவு சிரமம் தருமென்று தெரியும். அதனால் கையில் உள்ள எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்கள் முடிவு தேவைப்படும் விஷயம். ஜெர்மனி ஆர்டரில் 14 பெட்டிகளை நேற்று மாலை தனியே எடுத்து வைத்திருக்கிறேன். குடோனின் மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தவை அவை. இந்த வார மழையில் அந்தச் சுவர் அடிவரை ஓதம் காத்திருக்கிறது. ஒரு பெட்டியின் அடி அட்டை கைக்கு மெத்தென்று இருந்ததால் சந்தேகப்பட்டுப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாசனை. 41-ஆம் அளவு ஜோடி ஒன்றில் குதிகால் பக்க லைனிங்கில், தையலை ஒட்டி, விபூதி தடவியதுபோல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துணியால் துடைத்தால் போய்விடுகிறது, ஆனால் அடியில் கறை நிற்கிறது. அதே பெட்டியில் மொத்தம் நான்கு ஜோடிகள் அப்படி. உள்ளே போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஈரம் உறிஞ்சி இனிமேல் பயன்படாத நிலையில் இருந்தன. மற்ற 13 பெட்டிகளை நான் பிரிக்கவில்லை; ஆனால் அவையும் அதே வரிசையில் இருந்தவை.

அவற்றை இன்று ஏற்ற வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. மூடிய கண்டெய்னரில் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் போகும் சரக்கு. பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். நான்கு ஜோடியில் இருப்பது அங்கே இறங்கும்போது நாற்பதில் இருக்கும், பக்கத்துப் பெட்டிகளுக்கும் பரவும். 14 பெட்டியைக் காப்பாற்றப் போய் 620 பெட்டிக்கும் பதில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. தரக் கட்டுப்பாட்டிலிருந்து ஒருவரை நீங்களே அழைத்துப் போய்ப் பார்த்துவிடுங்கள். பெட்டிகள் தையல் பிரிவுக் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டி மரப் பலகைமேல் இருக்கின்றன.

நிறுத்துவதாக முடிவெடுத்தால் எண்ணிக்கை 606 பெட்டி, 7,272 ஜோடி ஆகும். இப்போது ஷிப்பிங் பில்லில் இருப்பது 620 பெட்டி, 7,440 ஜோடி. ஏற்றுமதிக்குச் சுங்கத்துறை அனுமதி தருவதற்கு முன் திருத்திவிட வேண்டும், பிறகென்றால் பெரிய அலைச்சல். அதனால்தான் 9.30 என்று கேட்கிறேன். இரண்டு எண்ணிக்கைக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டையும் தயார் செய்து, பொதுக் கோப்புறையில் «620», «606» என்று தனித்தனியே போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னவுடன் சுமதி அக்கா சரியானதைச் சென்னை சுங்க முகவருக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் 6 மணிக்கே பேசிவிட்டேன். இன்று ஆவண வேலை முழுவதையும் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கண்டெய்னர் 10 மணிக்கு வரும் என்று லாரிக்காரர் நேற்று உறுதி சொன்னார். இன்று வெள்ளிக்கிழமை. சலீம் பாயும் ஏற்றும் ஆட்களும் 12.30-க்கு ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்பி வர 2 மணி ஆகும். பாதி ஏற்றிய கண்டெய்னரை மழையில் திறந்து வைக்க முடியாது என்பதால் 10.15-க்கே தொடங்கி, 12.20-க்கு எங்கே நிற்கிறதோ அங்கே கதவைச் சாத்தித் தார்ப்பாய் போட்டுவிடலாம் என்று பாயிடம் பேசி வைத்திருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் கண்டெய்னருக்குள் ஒருவர் நின்று கதவை மூடிப் பார்க்கட்டும். வெளிச்சம் எங்கிருந்தாவது புகுந்தால் அந்த வண்டி வேண்டாம். 4 மணிக்குள் வண்டி வாசலைத் தாண்டினால் போதும். துறைமுகத்தில் உள்ளே விடும் கெடு நாளைப் பகல் 12 மணி. மழையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நின்றாலும் நேரம் இருக்கிறது.

இ-சீல் இரண்டு (ஒன்று உபரி) என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. சாவியைத் தம்பியிடம் கொடுத்து 7.15 பஸ்ஸில் அனுப்புகிறேன். மெயின் கேட் செக்யூரிட்டி அண்ணனிடம் உங்கள் பெயர் எழுதிய உறையில் இருக்கும். சீல் போட்ட பிறகு அதன் எண், நேரம், கண்டெய்னர் எண், வண்டி எண் நான்கையும் குமரேசன் இணையத்தில் பதிய வேண்டும். போன மாதம் இரண்டு முறை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், செய்துவிடுவார். எண்ணைக் காகிதத்தில் எழுதி வந்து பதிவதைவிட, சீலைப் புகைப்படம் எடுத்து அதைப் பார்த்தே பதியச் சொல்லுங்கள். 8-ம் 3-ம் மாறி ஒருமுறை துறைமுக வாசலில் அரை நாள் நின்றிருக்கிறோம். இ-வே பில்லில் வண்டி எண் மட்டும் பாக்கி, வண்டி வந்ததும் சேர்க்க வேண்டும். எடை மேடைச் சீட்டு வந்த பிறகுதான் கண்டெய்னரின் மொத்த எடைச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயரில் இருந்த படிவத்தை உங்கள் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

மாலை 3.30-க்கு வாங்குபவரின் அழைப்பு இருக்கிறது; அவர்களுக்கு அப்போது காலை 11. பெட்டி குறைந்தால் அவர்கள் நம்மிடமிருந்தே முதலில் கேட்பது நல்லது. மீதி 168 ஜோடியை அடுத்த கண்டெய்னரில் சேர்க்கலாமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்த பிறகு போகட்டும். மாதிரி ஜோடிகள் நேற்றே கூரியரில் போய்விட்டன. வேறு எதுவும் திங்கள்வரை தாங்கும்.

எட்டு மணிவரை போன் எடுப்பேன். பிறகு மருத்துவமனை வரிசையில் இருப்பேன். அவசரமென்றால் செய்தி அனுப்புங்கள், பார்த்தவுடன் கூப்பிடுகிறேன். பரிசோதனை முடிவைப் பொறுத்து, நாளை வர முடியுமா என்பதை மாலை 5 மணிக்குள் எழுதுகிறேன். இன்றைய நாளை மருத்துவ விடுப்பாகக் கணக்கில் வைக்க வேண்டுகிறேன். டாக்டர் சீட்டை வந்ததும் தருகிறேன்.

சார், அந்த 14 பெட்டிகளை மட்டும் ஒன்பது மணிக்கு முன்பே ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரபாகரன்
ஏற்றுமதி ஆவணப் பிரிவு
காலை 6.20, பேரணாம்பட்டு