மழை நோட்டு 1952–1981: குறிப்புத் தாள்

கோப்பு: mazhai_1952_1981.xlsx. இதில் மூன்று தாள்கள். "அசல்" தாளில் நோட்டில் உள்ளது உள்ளபடி இருக்கும். "மாதம்" தாளில் மி.மீட்டருக்கு மாற்றியது. மூன்றாவது இந்தத் தாள். "மாதம்" தாளிலிருந்து ஒரு எண்ணை எடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். குறிப்பாக 1958, 1965, 1977 ஆண்டுகளைத் தொடுபவர்கள்.

எங்கிருந்து வந்தது

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஒரு பண்ணை வீட்டில் வைத்திருந்த மழைமானியின் கணக்கு இது. ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் எங்கும் போடவில்லை. நீளவாட்டு கணக்கு நோட்டுகள் இரண்டு, மொத்தம் 61 பக்கம். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். முதல் நோட்டு கணக்குப்பிள்ளையின் கை. 1958 மே முதல் வீட்டுப் பெரியவரின் கை. இரண்டாமவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்குப்பிள்ளையின் பக்கங்களில்தான் பாதி நேரம் போனது.

முதலில் ஓசிஆர் இப்படி ஓட்டினோம்:

```
tesseract p07.png p07 -l tam+eng --psm 6
```

கிடைத்ததை வைத்துக்கொண்டு, நானும் என் அக்கா மகளும் தனித்தனியாக ஒருமுறை முழுதும் தட்டச்சு செய்தோம். இருவர் பதிவும் வேறுபட்ட கட்டங்களை மட்டும் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்தோம். "அசல்" தாளில் இருப்பது அந்த முடிவு, ஓசிஆர் தந்தது அல்ல.

எப்படி எடுத்துக்கொண்டோம்

மாதம். முதல் ஆறு ஆண்டுகள் (நந்தன முதல் ஹேவிளம்பி வரை, அதாவது 1952-53 முதல் 1957-58 வரை) தமிழ் மாதக் கணக்கு. மாத மொத்தம் மட்டுமே உண்டு, நாள்வாரிக் குறிப்பு கிடையாது. ஐப்பசி என்பது அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை. நாள்வாரி இல்லாமல் அதைப் பிரிக்க வழியே இல்லை. இந்தத் தாளின் முதல் பதிப்பில் ஐப்பசியை அக்டோபர் என்று போட்டிருந்தேன், அது தவறு. இப்போது அந்த 72 வரிசைகளும் தமிழ் மாதப் பெயரோடு தனியாக நிற்கின்றன. அவற்றை மற்ற 284 வரிசைகளோடு சேர்த்து வடகிழக்குப் பருவ மழை என்று கூட்ட வேண்டாம். ஆண்டு மொத்தமும் அப்படித்தான்: முன்னது சித்திரை முதல் பங்குனி வரை, பின்னது ஜனவரி முதல் டிசம்பர் வரை.

1958. ஹேவிளம்பி பங்குனியோடு பழைய கணக்கு முடிகிறது. புதியது மே 1-இல் தொடங்குகிறது. நடுவில் ஏப்ரலின் பின்பாதிக்கு எந்தப் பதிவும் இல்லை. ஆகவே 1958-க்கு ஆண்டு மொத்தம் போடவில்லை.

அளவு. 1964 முடிய அங்குலமும் சென்ட்டும். நூறு சென்ட் ஓர் அங்குலம். நோட்டில் 2-05 என்றால் இரண்டு அங்குலம் ஐந்து சென்ட், 52.1 மி.மீ. சில பக்கங்களில் அதையே 2-5 என்று எழுதியிருக்கிறார்கள். இதை இரண்டரை அங்குலம் என்று படித்தால் 63.5 மி.மீ. ஆகிவிடும். நோட்டில் நாள்வாரி இருந்த 19 இடங்களில் கூட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் கோட்டுக்குப் பின்னால் இருப்பது சென்ட்தான். அதனால் எங்கும் அப்படியே எடுத்துக்கொண்டோம். C-இல் அங்குலம், D-இல் சென்ட், மாற்றிய கணக்கு:

```
=IF(COUNT(C2:D2)<2,"",ROUND((C2+D2/100)*25.4,1))
```

1965. ஜனவரிப் பக்கத்தின் தலைப்பிலேயே "மி.மீ." என்று இருக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதங்களில் எண்கள் 0-35 என்ற வடிவில்தான் உள்ளன. புது மழைமானி வந்தும் பழைய பழக்கத்தில் எழுதியது அல்ல, பழைய மானியிலேயே அளந்தது என்று எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் பக்கத்தின் ஓரத்தில் "புது மானி" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஜனவரி–மார்ச் அங்குலம், ஏப்ரலிலிருந்து மி.மீ.

கோடும் வெற்றிடமும். குறுக்குக் கோடு போட்டிருந்தால் மழை இல்லை: 0. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அளக்கவில்லை: கட்டம் காலி. இதை மாற்றி நிரப்பிவிடாதீர்கள். காலிக் கட்டங்கள் மொத்தம் 9.

மழை நாள். நோட்டில் சொட்டு விழுந்து மானியில் ஏதாவது தெரிந்தாலே ஒரு நாள். வானிலைத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கிடும். ஆகவே H நெடுவரிசையை அரசுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டால் இந்த ஊரில் நாள் கூடுதலாகவே தெரியும்.

திருத்தியவை

பெரிய சேதம் எக்செல்லில் நடந்தது. 2-05 என்று தட்டியதும் அது மே 2 ஆகிவிட்டது. 7-42 என்பது 1942 ஜூலை ஆனது. 14-37 போன்றவை தேதியாகப் பொருந்தாததால் தப்பின, அதனால் முதலில் கண்ணில் படவே இல்லை. 63 கட்டங்கள் இப்படிப் போயின. 2-05, 2-5 இரண்டும் ஒரே தேதியாகிவிடுவதால் உள்ளே இருந்த எண்ணை வைத்து மீட்க முயலவில்லை. எல்லாவற்றையும் ஸ்கேனிலிருந்து மறுபடி அடித்தோம். இப்போது அங்குலமும் சென்ட்டும் தனித்தனி நெடுவரிசை.

தமிழ் எண்கள். கணக்குப்பிள்ளை ௧, ௨, ௭, ௮ என்று எழுதியதை ஓசிஆர் க, உ, எ, அ என்று எழுத்தாக்கிவிட்டது. அவை தெரியும்படி கெட்டதால் பிரச்சினை இல்லை. விஜய ஐப்பசி "எ-கஉ" என்று வந்திருந்தது; அது 7-12, 180.8 மி.மீ. தொல்லை கொடுத்தது ௰. அவர் சில இடங்களில் பன்னிரண்டை ௧௨ என்றும் சில இடங்களில் ௰௨ என்றும் எழுதுகிறார். ௰-ஐ விட்டுவிட்டுப் படித்ததில் 12 வெறும் 2 ஆனது. ஐந்து கட்டங்கள், எல்லாம் திருத்தியாயிற்று.

மேற்படிக் குறி. மழை நாள் நெடுவரிசையில் மேலே உள்ள எண்ணே என்பதற்குப் போட்ட இரட்டைக் கீற்றை ஓசிஆர் 11 என்று படித்தது, 14 இடங்களில். கோடையில் பதினோரு நாள் மழையா என்று அக்கா மகள் கேட்டதால்தான் பிடிபட்டது.

1962 மொத்தம். நோட்டில் 44-37. மாதங்களைக் கூட்டினால் 45-37. சென்ட்டில் மிஞ்சிய நூறை அங்குலத்தோடு சேர்க்க மறந்திருக்கிறார்கள். நோட்டின் மொத்தத்தை J-இலும் நம் கூட்டலை K-இலும் வைத்திருக்கிறேன். பயன்படுத்த வேண்டியது K, 1152.4 மி.மீ.

பக்கம் 23 இருமுறை ஸ்கேன் ஆகி 24 விடுபட்டிருந்தது. மறுபடி போய் எடுத்து வந்தோம்.

1977 நவம்பர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாதம் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த புயல் இந்தப் பக்கம் முழுவதையும் அடித்துப் போட்டது. நோட்டில் 12, 13 இரண்டு நாளும் எண் இல்லை. ஓரத்தில், "மானி கவிழ்ந்து கிடந்தது. தென்னை போயிற்று" என்று மட்டும் இருக்கிறது. அதுவரை வரிவரியாக ஒழுங்காக இருந்த கையெழுத்து அந்த இரண்டு வரியில் சாய்ந்திருக்கிறது. பெரியவர் அந்த இரண்டு நாளைச் சேர்க்காமல் மாத மொத்தம் போட்டிருக்கிறார். பக்கத்து நிலையத்தின் அளவைக் கொண்டு நிரப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் மறுத்துவிட்டேன். இந்த நோட்டில் இல்லாத மழை இந்த அட்டவணையில் இருக்கக் கூடாது. மாத மொத்தமும் ஆண்டு மொத்தமும் "குறைந்தது" என்ற அடையாளத்தோடு, மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. 1977-ஐ மற்ற ஆண்டுகளோடு வரிசைப்படுத்த வேண்டாம்.

இன்னும் தீராதவை

மூன்று கட்டங்கள்: துன்முகி கார்த்திகை (மடிப்பில் கரையான்), 1960 மே (3-ஆ 8-ஆ), 1971 ஆகஸ்ட் (மை ஊறிப்போனது). "அசல்" தாளில் கேள்விக்குறியோடு, "மாதம்" தாளில் காலியாக உள்ளன. அசல் நோட்டு வீட்டாரிடமே இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திருத்தம் கண்டால் "அசல்" தாளில் கை வைக்காமல், இந்தத் தாளின் அடியில் கட்டத்தின் எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஸ்கேன் பக்கம், தேதி இவ்வளவும் எழுதுங்கள். பார்த்துவிட்டு நான் மாற்றுகிறேன்.