பலாப்பழக் கணக்கு: ஐந்தில் சரியாக மூன்று

சனிக்கிழமை வைத்த தேர்வில் ஏழாவது கேள்வியை எழுதியவர்களில் பாதிக்கு மேல் 0.512 என்று முடித்திருந்தீர்கள். இன்னும் சிலர் 0.02048. இரண்டும் தப்பு. ஆனால் ஒரே தப்பு இல்லை, அதனால்தான் கேள்வியை மறுபடி எழுதி விடையையும் விரிவாக எழுதித் தருகிறேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் வழியிலேயே படித்துவிடலாம்.

கேள்வி:

பண்ருட்டியில் ஒரு பலாப்பழ வியாபாரி தன் மகனுக்குத் தொழில் பழக்குகிறார். மகன் பழத்தைத் தட்டிப் பார்த்து "முற்றியது" அல்லது "முற்றாதது" என்று சொல்ல வேண்டும். எந்தப் பழமானாலும் அவன் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 0.8. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பழங்களைத் தட்டிச் சொல்கிறான். ஐந்தையும் சொல்லி முடிக்கும் வரை அப்பா வாயைத் திறப்பதில்லை. அப்புறம்தான் பழங்களை வெட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பழத்தைப் பற்றி அவன் சொல்வது அடுத்த பழத்தைப் பற்றிச் சொல்வதைப் பாதிக்காது எனக் கொள்க.
(அ) சரியாக மூன்று பழங்களை அவன் சரியாகக் கணித்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன?
(ஆ) குறைந்தது மூன்று?

விடை:

முதலில் இது ஈருறுப்புப் பரவல்தானா என்று பாருங்கள். முயற்சிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும், ஐந்து. ஒவ்வொன்றிலும் இரண்டே முடிவு, சரி அல்லது தப்பு. வெற்றியின் நிகழ்தகவு எல்லா முயற்சிக்கும் அதே 0.8. கடைசியாக, முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை. கேள்வியில் அப்பா வாயை மூடிக்கொண்டிருப்பது கதைக்காகப் போட்டது அல்ல. முதல் பழத்திலேயே "தப்புடா, சத்தத்தை நல்லாக் கேளு" என்று அவர் சொல்லிவிட்டால், பையன் இரண்டாவது பழத்தில் காதைத் தீட்டிக்கொள்வான். அப்போது 0.8 அப்படியே நிற்காது, சூத்திரமும் நிற்காது.

இந்த மாதிரி இரண்டே முடிவுள்ள முயற்சிக்குப் பெர்னோலி முயற்சி என்று பெயர். யாக்கோபு பெர்னோலி இதைப் பற்றி எழுதியது அவர் 1705இல் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல்தான் அச்சில் வந்தது. தேர்வில் இது கேட்க மாட்டார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். X என்பது சரியாகக் கணித்த பழங்களின் எண்ணிக்கை. n = 5, p = 0.8, q = 0.2.

சூத்திரத்தைத் தொடாமல் ஒரு குறிப்பிட்ட வரிசையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் மூன்றும் சரி, கடைசி இரண்டும் தப்பு. இதன் நிகழ்தகவு

0.8 × 0.8 × 0.8 × 0.2 × 0.2 = 0.512 × 0.04 = 0.02048

0.512 எழுதியவர்கள் முதல் மூன்று பெருக்கலோடு பேனாவை வைத்துவிட்டீர்கள். அது "முதல் மூன்று பழமும் சரி, மீதி எப்படியோ போகட்டும்" என்பதற்கான விடை. "சரியாக மூன்று" என்றால் மற்ற இரண்டும் தப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டு தோல்விக்கும் கணக்கில் இடம் உண்டு.

0.02048 எழுதியவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி, இந்த ஒரு வரிசையோடு நின்றுவிட்டீர்கள். பையன் கடைசி இரண்டில்தான் தவற வேண்டும் என்று யார் சொன்னது? முதலாவதிலும் நான்காவதிலும் தவறலாம். எந்த இரண்டு என்பது நமக்கு முக்கியமில்லை. சரியை ச என்றும் தப்பைத் த என்றும் வைத்து எழுதிப் பாருங்கள்:

சசசதத, சசதசத, சசததச, சதசசத, சதசதச, சததசச, தசசசத, தசசதச, தசதசச, ததசசச

பத்து. இதில் எதை எடுத்தாலும் மூன்று 0.8, இரண்டு 0.2, பெருக்கினால் அதே 0.02048. இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் நடக்க முடியாது என்பதால் பத்தையும் கூட்டலாம். 5C3 = 10 என்று பாடம் சொல்வது இந்தப் பட்டியலின் நீளத்தைத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு முன்னால் நிற்கும் அந்த எண்தான் முதலில் மறக்கும். பட்டியலை ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்தவருக்கு மறக்காது.

P(X = 3) = 5C3 (0.8)^3 (0.2)^2 = 10 × 0.02048 = 0.2048

(அ)வின் விடை 0.2048. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

"எண்பது சதவீதம் சரியாகச் சொல்கிறவனுக்கு மூன்றே மூன்று அமைவது இவ்வளவு குறைவா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சராசரி np = 5 × 0.8 = 4. அதாவது இந்தப் பையனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது நான்கு. P(X = 4) = 5 × 0.4096 × 0.2 = 0.4096, P(X = 5) = 0.32768. மூன்று அவனுக்குக் கொஞ்சம் சொதப்பிய நாள்.

(ஆ)வுக்கு அந்த மூன்றையும் கூட்டினால் போதும்: 0.2048 + 0.4096 + 0.32768 = 0.94208. "சரியாக", "குறைந்தது" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே விடை 0.2லிருந்து 0.94க்குத் தாவுகிறது. கேள்வியில் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. கேள்வியை இப்படி மாற்றினால்? குவியலில் 20 பழங்கள், அதில் 16 முற்றியவை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்து வெட்டுகிறோம். சரியாக மூன்று முற்றியவையாக இருக்க நிகழ்தகவு? 16/20 = 0.8 என்று பார்த்ததும் மேலே உள்ள விடையை அப்படியே எழுதிவிடக் கூடாது. வெட்டிய பழம் குவியலுக்குத் திரும்பாது. முதல் பழம் முற்றியது என்றால் மீதி 19இல் 15தான் முற்றியவை, நிகழ்தகவு மாறிவிட்டது. இங்கே எண்ணித்தான் ஆக வேண்டும்:

16C3 × 4C2 / 20C5 = 560 × 6 / 15504 ≈ 0.2167

0.2048க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை. 20க்குப் பதில் ஒரு லாரி நிறையப் பழம் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அப்போது ஈருறுப்புப் பரவலைப் போட்டாலும் பெரிதாகத் தப்பு வராது.

திங்கட்கிழமைக்கு: ஒருவர் ஆறு பைகளில் பைக்கு ஒரு முந்திரிக் கொட்டை ஊன்றுகிறார். ஒரு கொட்டை முளைப்பதற்கான நிகழ்தகவு 3/4, ஒன்றையொன்று சாராது. சரியாக மூன்று முளைக்க நிகழ்தகவு என்ன? 135/1024 வர வேண்டும். 27/4096 வந்தவர்கள் பட்டியலை எழுதிவிட்டு வாருங்கள். இருபது வரிசை இருக்கும், ஒரு பக்கம் போதும்.