125 கேவிஏ ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம்: செப்டம்பர் 30-க்குள் புதுப்பித்துத் தர வேண்டுகிறோம்

நாள்: 1 செப்டம்பர் 2025

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
வேளச்சேரி, சென்னை.

பொருள்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) புதுப்பித்தல். நடப்பு ஒப்பந்தக் காலம்: 1.10.2024 முதல் 30.9.2025 வரை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் வளாகத்தின் 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டருக்கான பராமரிப்பு ஒப்பந்தம் செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அன்று மாலை 5 மணிக்குள் கையொப்பமிட்ட ஒப்புதலும் முதல் தவணையும் கிடைத்தால், அக்டோபர் 1 முதல் ஒரு நாள்கூட இடைவெளியின்றிச் சேவை தொடரும். அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமி. அந்த இரண்டு நாளும் அலுவலகம் இயங்காது. ஒப்பந்தம் உள்ளவர்களின் அவசர அழைப்புகளை மட்டுமே ஏற்போம். அதனால் 30-ஆம் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

கட்டணத்தைச் சொல்வதற்கு முன், கட்டிய பணத்துக்கு இந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைக் கமிட்டியின் பார்வைக்கு வைக்கிறோம்.

நான்கு காலாண்டுச் சேவைகள்

அக்டோபர் 9: இன்ஜின் ஆயில் (15 டபிள்யூ 40, 15 லிட்டர்), ஆயில் ஃபில்டர், இரண்டு டீசல் ஃபில்டர்கள் மாற்றப்பட்டன. அன்று ஹவர் மீட்டர் 2,146. செட் அதிகம் ஓடுவதில்லை, ஆயிலை ஏன் மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருந்தார்கள். 250 மணி நேரம் அல்லது 12 மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடும் இன்ஜினில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி, பேரிங்கை அரிக்கும்.

ஜனவரி 8: பேட்டரியின் ஆறு செல்லில் ஐந்தில் அமிலத்தின் அடர்த்தி 1.240-க்கு மேல் இருந்தது; ஒன்றில் மட்டும் 1.150. ஸ்டார்ட் கொடுக்கும்போது வோல்டேஜ் 8.4-க்கு இறங்கியது. நல்ல பேட்டரி 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 180 ஏஎச் பேட்டரி மாற்றப்பட்டது. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் புதியதும் சீக்கிரமே கெட்டிருக்கும். பேனலில் உள்ள சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகு வரும் ஃப்ளோட் நிலையிலும் 14.6 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. பேட்டரியில் தண்ணீர் வற்றியதற்குக் காரணம் அதுதான். 13.5-க்குக் குறைத்து வைத்தோம். ஏப்ரலிலும் ஜூலையிலும் ஆறு செல்களும் சமமாகக் காட்டின.

ஏப்ரல் 10: இந்த ஆண்டின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். சைலன்சர் இணைப்பில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒழுகியிருந்தது. அது ஆயில் லீக் அல்ல. எரியாத டீசலும் கரியும் சேர்ந்தது. செட்டின் முழுச்சுமை ஒரு ஃபேஸுக்கு 174 ஆம்பியர். அன்று அளந்தபோது ஓடியது 38 ஆம்பியர், அதாவது 22 சதவீதம். 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது, ரிங் சரியாக உட்காராது, எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் ஓவர்ஹாலில் கொண்டுபோய் நிறுத்தும்.

வாரம் ஒருமுறை காவலர் சுமையே இல்லாமல் 10 நிமிடம் ஓட்டிப் பார்த்ததும் இதை வளர்த்திருக்கிறது. அந்த வழக்கத்தை நிறுத்தி, மாதம் ஒருமுறை மாலை 7 மணிக்கு, வீடுகளின் சுமையோடு இரண்டு லிஃப்ட், இரண்டு தண்ணீர் மோட்டார்களையும் சேர்த்து 45 நிமிடம் ஓட்டும் முறையை எழுதிக் கொடுத்தோம். ஜூலையில் அப்படி ஓட்டி அளந்தபோது 96 ஆம்பியர், 55 சதவீதம். ஒழுகல் நின்றுவிட்டது.

ஜூலை 9: ஹவர் மீட்டர் 2,214. டேங்க் அடியிலிருந்து சுமார் 600 மில்லி தண்ணீர் வடிக்கப்பட்டது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே நிற்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சொட்டும். அந்தத் தண்ணீர்தான் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். மழைக்காலம் முடியும் வரை டேங்கை முக்கால் அளவுக்குக் குறையாமல் வைத்திருங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் வெடிப்பு தெரிந்ததால் அதையும் மாற்றினோம்.

அவசர அழைப்புகள்

மூன்று வந்தன. முதலாவது 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த சனிக்கிழமை. மாலை 6.10-க்கு அழைப்பு, 8.25-க்கு எங்கள் டெக்னீஷியன் வளாகத்தில் இருந்தார். செட் ஓடியது, ஆனால் வீடுகளுக்கு மின்சாரம் போகவில்லை. மின்சாரம் போனதும் செட்டைத் தானாக ஓடவைத்துச் சுமையை மாற்றும் ஏ.எம்.எஃப். பேனலில் மெயின்ஸ் கான்டாக்டரின் ஆக்சிலரி கான்டாக்ட்டில் பல்லி சிக்கி இன்டர்லாக் விடாமல் இருந்தது. சுத்தம் செய்து, கேபிள் நுழையும் துளைகளை அடைத்த பிறகு அந்தப் பிரச்சினை திரும்பவில்லை.

இரண்டாவது மே 14, அதிகச் சூட்டினால் செட் தானாக நின்றது. பக்கத்து வேப்பமரத்தின் பூவும் தூசியும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்திருந்தன; கூலண்ட்டும் குறைவு. சுத்தம் செய்து 5 லிட்டர் கூலண்ட் ஊற்றினோம். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று காவலர்களிடம் தயவுசெய்து சொல்லி வையுங்கள். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்தால் வெளியே எவ்வளவு கழுவியும் சூடு குறையாது.

மூன்றாவது ஆகஸ்ட் 19: யாரோ எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டிருந்தார்கள். பட்டனைத் திருகி விடுவித்ததோடு வேலை முடிந்தது. இப்போது பக்கத்தில் தமிழில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்.

கணக்கு

ஒப்பந்தம் இல்லாமல் இதே வேலைகளை அழைப்புக்கு அழைப்பு செய்திருந்தால் எங்கள் கட்டண அட்டைப்படி:

ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட்: ரூ.9,900
நான்கு சேவைகள், தலா ரூ.3,000: ரூ.12,000
பகல்நேர அழைப்பு இரண்டு, தலா ரூ.2,500: ரூ.5,000
மாலை 6 மணிக்குப் பிந்தைய அழைப்பு ஒன்று: ரூ.4,000
மொத்தம் ரூ.30,900, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.36,462

நீங்கள் செலுத்தியது ரூ.28,000, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.33,040. மிச்சம் ரூ.3,422. பேட்டரி விலையில் கிடைத்த 10 சதவீதத் தள்ளுபடி ரூ.1,600 தனி. பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டோம். சார்ஜர் கோளாறையும் குறைந்த சுமை ஓட்டத்தையும் கெடுதல் முற்றுமுன் பிடித்ததும், புயல் இரவில் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வந்ததும் இந்தக் கூட்டலில் வராது. ஒப்பந்தம் இல்லாத அழைப்புகளை நாங்கள் வரிசைப்படிதான் எடுக்கிறோம். புயல் நாள்களில் அந்த வரிசை மறுநாளுக்கும் நீளும்.

வரும் ஆண்டுக்கு (1.10.2025 முதல் 30.9.2026 வரை)

இப்போதுள்ள அதே திட்டம் ரூ.29,500, ஜிஎஸ்டி ரூ.5,310, ஆக ரூ.34,810. அடிப்படைக் கட்டணத்தில் ரூ.1,500 கூடியிருக்கிறது. ஆயில், ஃபில்டர் கொள்முதல் விலை ஏறியதும், ஏர் ஃபில்டரை இம்முறை ஒப்பந்தத்துக்குள் சேர்த்திருப்பதும் காரணம். நான்கு சேவைகள், எண்ணிக்கை வரம்பில்லாத அவசர அழைப்புகள், நான்கு மணி நேரத்துக்குள் வருகை, ஆயில், ஃபில்டர்கள், 5 லிட்டர் வரை கூலண்ட் ஆகியவை இதில் அடக்கம். மற்ற உதிரிபாகங்கள் 10 சதவீதத் தள்ளுபடியில்.

கன்ட்ரோலர், ஏவிஆர், ஸ்டார்ட்டர், கான்டாக்டர் ஆகியவற்றையும் உள்ளடக்கிய முழுத் திட்டமும் உண்டு: ரூ.52,000, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.61,360. பேட்டரி, இன்ஜின் ஓவர்ஹால், ஆல்டர்னேட்டர் ரீவைண்டிங் இதிலும் சேராது. 2,214 மணி நேரமே ஓடிய தங்கள் செட்டுக்கு இது இப்போது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பழைய திட்டமே போதும்.

30-ஆம் தேதிக்குள் புதுப்பித்தால் முதல் சேவை அக்டோபர் 8, புதன்கிழமை. வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் அதை முடித்துவிட வேண்டும். அன்று ஆயில், எல்லா ஃபில்டர்கள், தேய்ந்திருக்கும் ஃபேன் பெல்ட் (பெல்ட் விலை தனி) மாற்றப்படும். ஆல்டர்னேட்டர் வைண்டிங்கின் மின்காப்பு மெக்கர் கருவியில் சோதிக்கப்படும். பேனலின் எல்லாத் திருகுகளும் இறுக்கப்படும். கேனபி கதவின் ரப்பரையும் கேபிள் பள்ளத்தின் அடைப்பையும் தனியே பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது வேளச்சேரியில் தண்ணீர் நின்ற உயரம் கமிட்டிக்குத் தெரியும். செட் பீடத்தின் மேல் இருந்தாலும், தண்ணீர் கேபிள் பள்ளம் வழியாகப் பேனலுக்கு ஏறிவிடலாம்.

செப்டம்பர் 30-க்குப் பிறகு புதுப்பித்தால்: முதலில் முழு நிலை ஆய்வு (ரூ.4,500 + ஜிஎஸ்டி), அதில் தெரியும் கோளாறுகளைத் தங்கள் செலவில் சரிசெய்த பிறகே ஒப்பந்தம் தொடங்கும். இடைப்பட்ட நாள்களில் வரும் அழைப்புகளுக்கு மேலே சொன்ன தனிக் கட்டணம். அக்டோபர் 8 நேரத்தையும் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது

இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் தலைவர் அல்லது செயலாளர் கையொப்பமும் சங்க முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினால் போதும். தொகையை இரண்டு தவணையாகச் செலுத்தலாம்: இப்போது ரூ.17,405, ஏப்ரல் 2026 சேவை முடிந்ததும் ரூ.17,405. காசோலையோ நெஃப்ட்டோ, எதுவானாலும் விலைப்பட்டியலில் அச்சிட்டுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். டெக்னீஷியனிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். டி.டி.எஸ். பிடிப்பதானால் ஜிஎஸ்டி நீங்கலான தொகையின் மேல் பிடிக்கவும்.

தங்கள் கமிட்டி மாதத்தின் மூன்றாம் ஞாயிறு கூடுவது வழக்கம். செப்டம்பர் 21 கூட்டத்தில் இதை வைத்தால் அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருக்கும். அளவுகளின் பதிவேட்டோடு நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமானால் 18-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள், வருகிறோம். திட்டத்தை வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். சேவைப் பதிவேட்டின் முழு நகலையும் கன்ட்ரோலர் அமைப்புகளையும் 30-ஆம் தேதி ஒப்படைத்துவிடுவோம்.

நன்றியுடன்,
சேவை மேலாளர்,
ஜெனரேட்டர் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: ஒப்புதல் படிவம், விலைப்பட்டியல், நான்கு சேவை அறிக்கைகள், மூன்று அழைப்புச் சீட்டுகள்.