மார்த்தாண்டம் தேன் விற்பனை: முதல் ஆண்டுத் திட்டம்

தொழில் திட்டத்தை ஒரே தாளில் வரையும் பிசினஸ் மாடல் கேன்வாஸின் ஒன்பது கட்டங்களில் நீங்கள் குறித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், தம்பி. வரிசையை மட்டும் மாற்றினேன். கேன்வாஸில் மாதம் கிடையாது. உங்கள் தொழிலிலோ எல்லாவற்றையும் முடிவு செய்வது மாதம்தான்.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது, இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீக்கள் எடுக்கும். மார்ச்சை ஒட்டித் தேன் எடுப்பு மும்முரமாக இருக்கும். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றித்தான் பெட்டிகளைக் காப்பாற்றுவார்கள். ஆகவே ஆண்டு முழுக்க விற்க வேண்டிய 500 கிலோவையும் மார்ச், ஏப்ரலிலேயே வாங்க வேண்டும். கிலோ 280 ரூபாய் வீதம் 1,40,000. இதில் பாதியை உடனேயும் மீதியை ஜூலையிலும் தருவதாக மூன்று தேனீ வளர்ப்பவர்களிடம் பேசியிருக்கிறீர்கள். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சேமிப்பு 1,20,000 என்பதால், இந்தத் தவணை இல்லாவிட்டால் திட்டமே இல்லை.

வாங்கும்போது ஒவ்வொரு டின்னையும் ஈரப்பதம் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விதியை விடுங்கள், அதற்கு மேல் போனால் தேன் புளித்து நுரைக்கும். தெரிந்தவர் கொண்டுவந்தது என்று முகம் பார்த்து எடுக்க வேண்டாம்.

250 கிராம் பாட்டில் 2,000 வரும். பாட்டில், மூடி, லேபிள் சேர்த்து 20 ரூபாய். அறை வாடகை ஆண்டுக்கு 36,000. பதிவு, கருவி, வண்டிச் செலவுக்கு 14,000. ஆக ஒரு பாட்டிலின் அடக்கவிலை 115 ரூபாய். விலை 180. கடைக்காரருக்கு 25 சதவீதம் போக 135 கிடைக்கும். கடையில் மிஞ்சுவது 20, நேரடி விற்பனையில் 65. 'எல்லாரும்' என்று வாடிக்கையாளர் கட்டத்தில் எழுதியிருந்தீர்கள், அதை அடித்துவிட்டேன். முதலில் நாகர்கோவிலில் உங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள், அலுவலகங்கள். ஜூலைக்குள் 400 பாட்டில் நேரடியாக விற்றால் 72,000 வரும், தவணையைக் கட்டிவிடலாம்.

கடைகள் அதற்குப் பிறகுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை கன்னியாகுமரிக்கு ஐயப்ப பக்தர்களும் சுற்றுலாக்காரர்களும் வரும் சீசனுக்கு 1,200 பாட்டில். கடன் முப்பது நாளுக்கு மேல் வேண்டாம்.

திருவனந்தபுரம் கடைகள் பக்கத்தில்தான், ஆனால் மாநிலம் தாண்டி விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அடுத்த ஆண்டு பார்ப்போம். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் பாட்டில் நிரப்பும் முன்பே வேண்டும். அதன் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். உறைந்தால் வெந்நீரில் வைக்கலாம் என்றும் ஒரு வரி போடுங்கள். உறைந்த தேனைப் பார்த்தாலே சீனி கலந்தது என்று சொல்பவர்கள் நம்மூரில் அதிகம்.

800 நேரடியாக, 1,200 கடையில் விற்று, ஒரு பாட்டிலும் வீணாகாவிட்டால் ஆண்டு மிச்சம் 76,000. உங்கள் உழைப்புக்கான கூலியும் அதற்குள்தான். அதனால் அடுத்த மார்ச் வரை இப்போது பார்க்கும் வேலையை விட வேண்டாம்.