தலைவரின் குரல் செய்தியிலிருந்து தொகுத்த வேலைப் பட்டியல்

பாடசேகர சமிதி உறுப்பினர்கள் அனைவருக்கும்,
16 பிப்ரவரி 2025, ஞாயிறு இரவு

கண் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்குப் போகும் வழியில், நம் தலைவர் இன்று மாலை பேருந்திலிருந்தே எனக்கு ஒன்பது நிமிடக் குரல் செய்தி ஒன்றை அனுப்பினார். புதன்கிழமை வரை அவர் தொலைபேசியில் பேச இயலாது. இரண்டாம் போக அறுவடை தொடர்பாக அவர் மனத்தில் இருந்த அனைத்தும் அந்தச் செய்தியில் இருக்கின்றன. ஆனால் நினைவுக்கு வந்த வரிசையில் இருக்கின்றன. அதை முழுவதும் எழுத்தில் இறக்கிப் படித்த பிறகு, யார் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஓர் இடத்தில் சொன்னதைப் பின்னால் அவரே மாற்றியிருந்தால், பின்னால் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். ஆள் பெயர் சொல்லாத வேலைகளுக்கு நானாக யாரையும் நியமிக்கவில்லை.

அறுவடைக்கு நாள் குறித்த பகுதியை மட்டும் அவர் பேசியபடியே தருகிறேன். பட்டியலின் வரிசை ஏன் அவர் பேசிய வரிசையாக இல்லை என்பது இதைப் படித்தால் விளங்கும்.

"தம்பி, கேக்குதா? பஸ்ஸுல ஒரே சத்தம். மிஷின்காரன் பேசுனான். பொள்ளாச்சிக்காரன்தான், போன வருசம் வந்தவன் இல்ல, அவன் மச்சினன். புதன்கிழமை வர்றேங்கறான். புதன் சிவராத்திரி, அன்னைக்கு டிரைவர் பசங்க நிக்க மாட்டாங்க, அதனால திங்கக்கிழமையே வரச் சொல்லீரு. ஆனா மேக்கால இன்னும் காயலியே, காலைல போய்ப் பாத்தேன், கால் வெச்சாப் பொதையுது. போன வருசம் வண்டி எறங்கி ஒரு நாள் பூராக் கெடந்துது, ஞாபகம் இருக்குதில்ல? அப்பறம் அந்தச் சப்ளைகோ பதிவு, நாலஞ்சு பேரு இன்னும் பண்ணல. ஞாயித்துக்கெழமை கல்யாணத்துக்கு எல்லாரும் போயிருவாங்க, அதையும் பாத்துக்க. ஆங், தண்ணி. தண்ணிய மொதல்ல நிறுத்தோணும்."

கடைசியில் வந்த தண்ணீர்தான் முதலில் முடிய வேண்டிய வேலை. நடுவில் போகிற போக்கில் வந்த கல்யாணப் பேச்சும் பட்டியலுக்கு வேண்டியதாகிவிட்டது. 23ஆம் தேதி ஞாயிறன்று ஊரில் ஆள் இருக்காது, மறுநாள் காலையில் இயந்திரம் வந்துவிடும் என்பதால், எல்லா ஏற்பாடுகளும் 22ஆம் தேதி சனிக்கிழமை மாலைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மேற்கு வயல்களுக்குப் பாயும் மடையை நாளை, 17ஆம் தேதி திங்கள் காலையிலேயே கந்தசாமி அண்ணன் அடைத்துவிட வேண்டும். அறுவடைக்குப் பத்து நாளாவது முன்னதாகத் தண்ணீரை வடித்தால்தான் மண் இறுகி வண்டி புதையாமல் ஓடும். நாளை அடைத்தாலும் மேற்கே 27ஆம் தேதிக்கு முன்னால் இயந்திரத்தை இறக்க முடியாது. வரப்பில் வடிகால் வெட்டாமல் மடையை மட்டும் அடைத்தால் பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் நின்றபடியே இருக்கும் என்பதால், தாழ்வான வயல்கள் வைத்திருப்போர் அவரவர் வடிகாலை நாளைக்கே திறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மடையை அடைத்ததும் கடைமடைப் பகுதிச் சமிதிக்குக் கந்தசாமி அண்ணனே தகவல் சொல்ல வேண்டும் என்று தலைவர் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருக்கிறார். ஆழியாற்றுத் தண்ணீர் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று அளந்து நமக்கு வருவது. நமக்கு வேண்டாத முறைத் தண்ணீர், இன்னும் பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நிற்கும் கடைமடை வயல்களுக்குப் போய்ச் சேர்வதே முறை என்பது என் கருத்தும்.

2. அறுவடை இயந்திரத்தைப் பொருளாளர் நாளை மதியத்துக்குள் பேசி உறுதி செய்ய வேண்டும். வர வேண்டிய நாள் 24ஆம் தேதி திங்கள், பனி விலகியதும் வேலை தொடங்கும் வகையில். முதலில் கிழக்கே மேட்டு வயல்களில் உள்ள ஜோதி, அதன் பிறகு மேற்கே உள்ள உமா. ஜோதி முன்னதாக முற்றிவிட்டது, மேட்டு நிலமும் காய்ந்திருக்கிறது. 24, 25 ஆகிய இரண்டு நாளில் கிழக்கு முடிந்துவிடும். சிவராத்திரியன்று வண்டி நிற்கும். 27ஆம் தேதி வியாழன் முதல் மேற்கு.

வாடகையைப் பற்றித் தலைவர் மூன்று தொகைகளைச் சொல்கிறார். மணிக்கு 2,400 ரூபாய் கேட்கிறார்கள், 2,300 கொடுத்தால் போதும் என்று தொடங்கி, கடைசியில் "முடியலீன்னா 2,350க்கு முடிச்சிரு" என்கிறார். ஆகவே 2,350 வரை பேசி முடிக்கப் பொருளாளருக்கு அதிகாரம் உண்டு; அதற்கு மேல் போனால் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். மூன்று நிபந்தனைகளைப் பேச்சிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்: நேரக் கணக்கு வண்டி வயலில் இறங்கியதிலிருந்து தொடங்கும், ரோட்டில் நிற்கும் நேரம் சேராது; பழுது பார்க்கும் நேரம் கழிக்கப்படும்; மேற்கு வயலுக்கு டயர் வண்டி கூடாது, பெல்ட் வண்டிதான் வர வேண்டும். முன்பணம் 5,000 ரூபாயைச் சமிதிக் கணக்கிலிருந்து கொடுக்கலாம்.

3. சப்ளைகோ நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்யாதவர்கள் 20ஆம் தேதி வியாழனுக்குள் பதிவை முடிக்க வேண்டும். தலைவர் "நாலஞ்சு பேரு" என்றார். நம் பதிவேட்டைப் பார்த்ததில் ஐந்து பேர். அவர்களிடம் இன்றிரவே தனித்தனியாகப் பேசுகிறேன் என்பதால் இங்கே பெயர்களை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறை அட்சயா மையத்தில் நான் இருப்பேன். நிலவரி ரசீது, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் கொண்டுவந்தால் உடனிருந்து பதிந்து தருகிறேன். பாட்டத்துக்குப் பயிரிடும் இருவர் நில உரிமையாளரின் சம்மதப் பத்திரத்தையும் கொண்டுவர வேண்டும். ரசீதில் தமிழ் முறையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும், வங்கிப் புத்தகத்தில் வீட்டுப் பெயருமாக இருப்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. அப்படிப் பெயர் மாறியிருந்தால் பதிவின்போதே சரி செய்துகொள்வோம். நெல்லைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக அலைவதைவிட இது எளிது.

4. களத்தைப் பெருக்கி, தார்ப்பாய்களை எடுத்து விரித்துப் பார்த்து, கிழிந்தவற்றைத் தைத்து வைக்கும் வேலை வேலுச்சாமிக்கு. சனிக்கிழமை மாலைக்குள் முடிய வேண்டும்.

5. ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கிருஷி பவனில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மில் தரப்பு ஆள் வந்து அளந்து சொல்லும் வரை நம் கையில் அளவு இல்லாமல் இருப்பதால்தான், எடையில் கிலோக் கணக்கில் கழிவு பேசும் இடம் அவர்களுக்குக் கிடைக்கிறது. களத்தில் காய்ந்த நெல்லை நாமே காலையும் மாலையும் அளந்து, வயல்வாரியாக ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடம் குறையும். கருவியை வாங்கி வருவது யார் என்று தலைவர் சொல்லவில்லை. சித்தூர்ப் பக்கம் அன்றாடம் போய்வருகிற யாராவது முன்வந்தால் நன்று. புதன்கிழமை வரை யாரும் சொல்லாவிட்டால் நானே போகிறேன்.

6. மில்லின் ஏஜென்ட்டிடம் 25ஆம் தேதி மாலை முதல் லாரியும் சாக்கும் வேண்டும் என்று பொருளாளர் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவைக்க வேண்டும்.

தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

களத்தில் இரவுக் காவலுக்கு "அந்தப் பையனையே படுக்கச் சொல்லீரு" என்கிறார். அதற்கு முன்னால் இரண்டு பையன்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்: மோட்டார் பார்க்கும் பையன் ஒருவன், மிஷின்காரருடைய உதவியாள் ஒருவன். எனக்குத் தோன்றுவது மோட்டார் பார்க்கும் பையன்தான். ஆனாலும் இரவுக் காவல் ஊகத்தில் ஒப்படைக்கும் வேலை அன்று. புதன்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.

கிழக்கு வயலில் வாய்க்காலை ஒட்டிய இரண்டு துண்டுகளில் கதிர் சாய்ந்து கிடப்பதைப் பற்றி அவர் பேசத் தொடங்கும்போது பேருந்தின் ஹாரன் சத்தத்தில் பதிவு சரியாகக் கேட்கவில்லை. "ஆள் வெச்சு" என்ற இரண்டு சொற்கள் மட்டும் கேட்கின்றன. ஆள் வைத்துக் கையால் அறுக்கச் சொல்கிறாரா, ஆள் வைத்துக் கதிரை நிமிர்த்திக் கட்டச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. அந்தத் துண்டுகளின் உரிமையாளர்கள் அதுவரை ஆள் பேச வேண்டாம்.

பட்டியலில் சேர்க்காதவை

வைக்கோலைக் கட்டாகக் கட்டி மொத்தமாக விற்பதா, மாடு வைத்திருப்போருக்கு முதலில் கொடுப்பதா என்று அவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறார். இரு பக்கத்து நியாயத்தையும் அவரே சொல்லிவிட்டு, "வந்து பேசிக்கலாம்" என்று முடிக்கிறார். ஆகவே அது முடிவான வேலை அன்று. அதற்குள் யாரும் வைக்கோல் வியாபாரிகளிடம் முன்பணம் வாங்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வண்டி புதைந்த அன்று யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதையும் விட்டுவிட்டேன். அதில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. படித்தால் மனம் கசக்கும் இருவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

முழுச் செய்தியின் ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் என்னிடம் இருக்கின்றன. நான் எடுத்த பொருளில் ஐயம் உள்ளவர்கள் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தமக்குரிய வேலையின் நாளோ பொறுப்போ ஒத்துவராதவர்கள் இன்றிரவே என்னிடம் சொல்லிவிடுங்கள்; முதல் வேலைக்கு நாளை காலை வரைதான் நேரம் இருக்கிறது.

செயலாளர்